பக்கம் இருபத்தேழு

கொல்லிமலைக் கர்ப்பிணிகளுக்கான அந்தக் கையேட்டுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்தவள் நான். அடிவாரத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை. எழுதியவர்கள் மருத்துவர்கள், அதை மலைக்காரர்களுக்குப் புரிகிற தமிழாக்கிப் புத்தகமாக்குவது என் பொறுப்பு.

எண்களைப் பற்றிய பேச்சு கடைசிக் கூட்டத்தில்தான் வந்தது. குழுவில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். எல்லா எண்ணும் தமிழ் எண்ணாக இருக்க வேண்டும் என்றார். "நம்ம எழுத்துல புத்தகம் போட்டுட்டு, எண்ணை மட்டும் கடன் வாங்கறது என்ன நியாயம்? ஒரு தலைமுறை பார்த்துப் பழகினா தானா வந்துடும்." அவர் சொன்னதில் எனக்கும் பிடிப்பு உண்டு. கோயில் கல்வெட்டுகளில் அந்த எண்களைத் தேடித் தேடிப் பார்த்தவள் நான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர், மலையின் ஊர்த் தொகுதிகளில் ஒன்றான வாழவந்தி நாட்டுப் பக்கம் பல வருடம் வேலை பார்த்த கிராம செவிலியர். "ஏனுங்க, பஸ்ஸுல, போன்ல, காலண்டர்ல எல்லாம் 1, 2, 3 தானுங்க. நீங்க போடறத எங்க சனம் எழுத்துன்னுதான் படிப்பாங்க. ௧ன்னா 'க', ௨ன்னா 'உ'. மாத்திரைக் கணக்குல அப்படி ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இந்தப் புத்தகத்தைப் படிக்கப் போகிறவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. பத்தாவது முடித்த மலைப் பெண்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் கணவன்மார், மாவட்ட அதிகாரிகள், வேறு மாநிலத்திலிருந்து வரும் பயிற்சி மருத்துவர்கள். விவாதம் ஒரு மணி நேரம் இழுத்தது. முடிவில் நான்தான் ஒரு வழி சொன்னேன். மருந்தின் அளவு, இரத்த அழுத்தம், எடை, வாரக் கணக்கு எல்லாம் 1, 2, 3. அடுத்த பரிசோதனைத் தேதியைச் செவிலியர்கள் எழுதுவதால் அதுவும் அப்படியே. பக்க எண்கள் மட்டும் தமிழில். பக்க எண்ணால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று சொன்னேன். அந்தச் சொற்கள் அப்படியே நினைவிருக்கின்றன.

பேராசிரியர் ஒத்துக்கொண்டார். செவிலியர் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரிங்க" என்றார். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் பெருமை.

கணினி தானாகப் போட்ட பக்க எண்களை எடுத்துவிட்டு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையால் தமிழ் எண்ணைத் தட்டினேன். பேராசிரியர் இருபத்தேழை ௨௰௭ என்று பழைய முறையில் போடச் சொன்னார். நான் எளிமைக்காக ௨௭ என்று போட்டேன். பொருளடக்கத்தைக் கணினி உருவாக்கியிருந்தது. அதில் 27 என்றே இருந்தது. கவனிக்காமல் விடவில்லை. அதிகாரிகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். முன்னுரை, நன்றியுரை எட்டுப் பக்கங்களுக்கு எண்ணே போடவில்லை. அது புத்தகத் தொழிலில் வழக்கம்.

அச்சுக்கு அனுப்பும் முன் படிக்கக் கொடுத்துப் பார்க்க ஒரு மாதிரிப் பிரதியோடு மலைக்குப் போனோம். ஒரு பெண் பக்கத்தின் அடியில் விரல் வைத்து "உ, எ" என்று படித்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அச்சகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

புத்தகம் வெளியாகிச் சில மாதங்களில், ஒரு காலை செவிலியர் போன் செய்தார். "ஒரு தாய் தவறிருச்சுங்க. நம்ம புக்கு அந்த ஊட்ல இருந்துச்சு. நீங்க ஒருக்கா வந்து பாக்கணும்."

பஸ்ஸில் வளைவுக்கு வளைவு திரும்பி ஏறி, பிறகு மண் பாதையில் அரை மணி நேரம் நடந்து போனேன். இறந்தவளின் நாத்தனார், பத்தொன்பது இருபது வயதுப் பெண், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூளியில் குழந்தை. அதை ஆஸ்பத்திரியில் அறுவை செய்து எடுத்திருந்தார்கள்.

அவள் தானாகவே சொன்னாள்.

"மத்தியானமுங்க. அண்ணன் மிளகு பறிக்கப் போயிருச்சு. அண்ணிக்குத் தலைவலின்னு படுத்துச்சு, திடீர்னு கை கால் இழுத்துக்கிச்சு. நான் உங்க புக்கத்தான் எடுத்தேன். வலிப்பு வந்தால், பக்கம் 27னு முன்னாடி போட்டிருந்துச்சுங்க. தேடினா 27 எங்கியுமே இல்ல. அடியில ஏதோ எழுத்துத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"மொதல்ல இருந்து ஒவ்வொரு பக்கமா எண்ணினேன். இருபத்தேழாவது பக்கம் எடுத்தா, கீரை தின்னணும்னு இருந்துச்சு. தப்பா எண்ணிட்டேனோன்னு மறுபடியும் எண்ணினேன். அதுக்குள்ள பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து கையில இரும்பக் குடுத்து, வாயத் தொறந்து தண்ணி ஊத்திட்டாங்க."

அவள் தப்பாக எண்ணவில்லை. நான் எண் போடாமல் விட்ட அந்த எட்டுப் பக்கங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். அவள் தேடிய பக்கம் இன்னும் நான்கு தாள் தள்ளி இருந்தது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் கொடுக்காதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

ஜீப்பில் கீழே இறக்கி ஆஸ்பத்திரி சேர்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அந்தத் தாய் இறந்துபோனாள். நுரையீரலுக்குள் தண்ணீர் போனதும் ஒரு காரணம் என்று மருத்துவர் செவிலியரிடம் சொல்லியிருக்கிறார். அந்த வலிப்பே உயிரை எடுத்திருக்கலாம் என்றும் சொன்னாராம். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்ளப் பல இரவுகள் முயன்றேன். முடியவில்லை.

நாத்தனாரிடம் ௨௭ இருந்த பக்கத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

"இது நம்பருங்களா? யாருமே சொல்லலீங்களே."

அவள் குரலில் கோபம் இல்லை.

அடுத்த வாரம் குழுக் கூட்டம். நடந்ததை அப்படியே சொன்னேன். பக்க எண்ணைத் தமிழில் போடச் சொன்னதும், பொருளடக்கத்தை மாற்றாமல் விட்டதும் நான்தான் என்றும் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றார். அட்டையில் மட்டுமாவது தமிழ் எண்ணில் ஆண்டைப் போடலாமா என்று வேறு ஒருவர் கேட்டார். பேராசிரியரே வேண்டாம் என்றார்.

இரண்டாம் பதிப்பில் அட்டைக்கு அடுத்த தாளிலிருந்தே 1, 2, 3 என்று ஓடியது. ஆபத்துக் குறிகளைப் பொருளடக்கத்தில் தேடவே வேண்டாம் என்று முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். பழைய படிகளைத் திரும்ப வாங்கத் தேவனூர் நாட்டிலும் பைல் நாட்டிலும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். பாதிக்கு மேல் கிடைக்கவில்லை.

அந்த வீட்டுக்கும் போனேன். நாத்தனார் புதுப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "எங்க ஊட்ல இனி இதைப் பாக்க யாருங்க இருக்கா?" என்றாள். பிறகு குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்று கேட்டாள். செவிலியர் சொல்லி அனுப்பியிருந்த தேதியைச் சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் குறித்து வைக்கப் பேனாவை எடுத்தேன்.

"குடுங்க, நானே எழுதிக்கறேன்" என்று அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.