தலையணை உறையின் வெள்ளை

மும்பை செம்பூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் நண்பர், என்னைப் பார்க்கும் வாடிக்கையாளர்களிடமெல்லாம் "சார் கவர்மெண்ட்ல இன்ஸ்பெக்சன்ல இருந்தவரு, அவரு ஒத்துக்கிட்டா உலகமே ஒத்துக்கிடும்" என்பார். உலகம் என்னை அப்படி நடத்தியதில்லை. ஆனாலும் கேட்கப் பிடித்திருந்தது.

பணியில் இருந்த காலம் முழுக்க நான் செய்தது ஒரே வேலைதான். ஒப்புதல் தந்த மாதிரியும் வந்து இறங்கிய சரக்கும் ஒன்றுதானா என்று பார்ப்பது. ஓய்வுக்குப் பிறகு மாட்டுங்காவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனை நண்பர் கடைக்கு இழுத்ததும் அதற்காகவே. படுக்கையறையைப் போனில் படமெடுத்து, சுவரில் மட்டும் புது நிறத்தை ஏற்றிக் காட்டும் மென்பொருள் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். படம் பார்த்து மயங்கியவர்கள் சுவரைப் பார்த்துச் சண்டைக்கு வந்தார்கள்.

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. அந்த மென்பொருள் தாராள மனசுக்காரன். நிறத்தை மாற்றச் சொன்னால் வெளிச்சத்தையும் சேர்த்து மாற்றும். மஞ்சள் பூசினால் ஜன்னலில் மாலை வெயில், நீலம் பூசினால் மழைக்காலக் காலை. ஒரே அறை ஒரு மணி நேரத்துக்குள் மூன்று ஊர் பார்த்துவிடும்.

நான் விதிகள் எழுதித் தந்தேன். பகலில், விளக்குகளை அணைத்து, திரையை விலக்கிப் படமெடுக்க வேண்டும். போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்காதபடி பூட்ட வேண்டும். சுவரை ஒட்டி ஒரு வெள்ளை அட்டை நிற்க வேண்டும். நிறத்தைப் பெயரால் அல்ல, கம்பெனியின் ஷேடு எண்ணால் ஏற்ற வேண்டும். எல்லா ஷேடுகளும் அதே ஒரு படத்தின் மீதுதான். சுவரின் மூலை நிழல் அப்படியே இருக்க வேண்டும். கடைசியாகச் சுவரைப் பார்க்காதே, தலையணையைப் பார். ஒரு படத்தில் உறை வெள்ளையாகவும் இன்னொன்றில் சாம்பலாகவும் இருந்தால், மாறியது சுவர் மட்டும் அல்ல. நண்பர் அதை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டினார். சண்டைகள் குறைந்தன.

பிறகு என் தங்கையின் முறை வந்தது.

அவள் வீடு செம்பூரில்தான், மூன்றாவது மாடி. பக்கவாதம் வந்தபின் அவள் கணவர் படுக்கையறையில்தான் பகல் முழுதும். ட்யூப்லைட் போட்டால் கண்ணை மூடிக்கொள்வார். ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடம். நேர் வெயில் அங்கே நுழைந்ததே இல்லை. ஆகவே அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. லைட் போடாமலே அவர் கண்ணுக்கு அறை வெளிச்சமாக இருக்க வேண்டும்.

"பகல்லயே சாயங்காலம் மாதிரி கிடக்கார் அண்ணா," என்றாள். "நீ பாத்துச் சொல்லு, போறும்."

படமெடுத்த அன்று கட்டிலில் ஆள் இருந்தால் சரியாக வராது என்று, அவரை நானும் தங்கையும் தாங்கிப் பிடித்து ஹாலில் நாற்காலியில் உட்கார வைத்தோம். சிரமப்பட்டார். வெள்ளை அட்டையை நானே பிடித்தேன்.

கடையில் மூன்று ஷேடுகளைத் திரையில் பார்த்தேன். யானைத் தந்த நிறம் ஒன்று, வெளிர் மஞ்சள் ஒன்று, பாசி நிறத்தில் ஒரு பச்சை. தலையணை மூன்றிலும் ஒரே வெள்ளை. பச்சையில் அறை குகை மாதிரி இருந்தது. இருக்கத்தான் வேண்டும், அடர்ந்த நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. "மூணும் சரி. பச்சை மட்டும் அவளுக்கு ஆகாது, பார்த்தாலே தெரிஞ்சுடும்," என்றேன்.

"நீங்க சரின்னா சரி சார். இப்பவே அக்காவுக்கு வாட்ஸப் பண்ணிருதேன்," என்றார் நண்பர்.

நான் ஒரு கல்யாணத்துக்காக முலுண்ட் போய் நாலு நாள் தங்கித் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். காலை நேரம். அறை பச்சையாக இருந்தது. கிணற்றின் உட்புறம் போல. தங்கையின் கணவர் சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

"இதையா எடுத்தே?"

"நீதானே மூணையும் பாத்து சரின்னே? உன் ஃப்ரெண்ட் அப்படித்தானே சொன்னார்?" போனை நீட்டினாள்.

மூன்று படங்கள். தந்தமும் மஞ்சளும் நான் பார்த்தவையே, கொஞ்சம் மங்கலாக. பச்சையில் தரையில் சாய்வாக வெயில் விழுந்திருந்தது. அந்த ஜன்னல் பிறந்ததிலிருந்து பார்த்திராத வெயில். மூன்றில் மிக அடர்ந்த நிறம் மிகப் பிரகாசமான அறையாக இருந்தது. தலையணை உறை பச்சையில் பளீர் வெள்ளை, மற்ற இரண்டிலும் அழுக்குத் துணி. என் விதியை முழுவதும் படித்தவன்தான் அதை இவ்வளவு துல்லியமாக மீற முடியும்.

பால்கனியில் பெயிண்டர் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். தாராவிக்காரர், நண்பரின் எல்லா வேலைக்கும் அவர்தான். மீதி டப்பாவைப் பார்த்து, எப்போது கலந்தது என்று சும்மாதான் கேட்டேன்.

"இது புதுசு இல்ல சார். மழைக்கு முன்னாடி பாண்டுப்ல ஒரு பார்ட்டிக்குக் கலந்தது. நாந்தான் தூக்கிட்டுப் போனேன். அந்தம்மா கலர் நக்கோ, வேணாம்னுட்டாங்க, திரும்பத் தூக்கிட்டு வந்தேன். கலந்த பெயிண்ட கம்பெனிக்காரன் எடுக்க மாட்டாம்லா. கடையிலயே கெடந்துச்சு."

கடைக்கு நடந்தே போனேன். நண்பர் எனக்கு டீ சொன்னார்.

"அந்த வெயில் எங்கேருந்து வந்தது?"

அவர் எந்த வெயில் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தைத்தது.

"ரூம் டல்லா இருந்துச்சுன்னு லேசா வெளிச்சம் குடுத்தேன் சார். ஷேடு நம்பர்ல கை வச்சனா? நம்பர் கரெக்டு."

"நான் பார்த்த படம் அது இல்லை."

"நீங்க பாத்தது பாத்ததுதான். அதுக்கப்புறம் அனுப்புனது." கொஞ்சம் சிரித்தார். "வேற யாரு தலையில கட்டச் சொல்லுதீங்க? வெளியாளுன்னா கடை முன்னாடி வந்து சத்தம் போடுவான். அக்கா போட மாட்டாங்க. நீங்களும் போட மாட்டீங்க."

சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார். நான் சத்தம் போடவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்தேன். கல்லாவுக்கு மேலே என் விதிகள் தொங்கின. பணிக்காலத்தில் ஒப்புதல் மாதிரிக்கு அரக்கு முத்திரை வைக்காமல் நான் மேஜையை விட்டு எழுந்ததில்லை. இங்கே நண்பர் என்பதால் அந்த ஒரு வரியை எழுதவில்லை. பார்த்த படமும் போகிற படமும் ஒன்றுதானா என்று யாராவது பார்க்க வேண்டும் என்ற வரி.

தங்கை மறுபடி பூச வேறு கடையில் பெயிண்ட் வாங்கினாள். படம் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அதே பெயிண்டரை விட்டுக் கட்டிலுக்கு எதிரே இரண்டு திட்டுகள் அடிக்கச் சொல்லி, ஒரு பகல் முழுக்க அப்படியே விட்டாளாம். மாலையில் அவள் கணவர் அசைகிற கையால் ஒன்றைக் காட்டினாராம். அந்தப் பெயிண்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது அறை நன்றாக இருக்கிறது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். ஷேடு எண் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. காப்பி மட்டும் கொடுக்கிறாள்.

போன வாரம் அதே பெயிண்டர் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்துச் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். கடையில் புது டிவி வைத்திருக்கிறார்களாம், வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட. அதில் முதலில் ஓடுவது என் தங்கையின் படுக்கையறை.

"அந்தப் பச்சைதான் சார். வெயிலெல்லாம் விழுந்து ஜோரா இருக்கு. சார் செக் பண்ணதுன்னு சொல்லித்தான் காட்டுதாரு."

அந்தப் படத்தில் கட்டில் காலியாக இருக்கும். அவரைத் தூக்கி ஹாலில் உட்கார வைத்தது நான்தான்.