காற்றுத் தண்டவாளத்தில் தொலைந்த நாலு

முதலில் அறைதான் விழுந்தது. கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

"மீதி நாலு எங்கேடா போச்சு?"

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கேட்டவர் எங்கள் லேப் வாத்தியார். கை நீளம், வாய் அதைவிட நீளம். கல்லூரிப் பையன்களை அடிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொன்னவனுக்கும் ஒன்று விழுந்திருக்கும்.

கேள்விக்குக் காரணம் ஏர் ட்ராக். இரண்டு ஆள் நீள அலுமினியத் தண்டவாளம். அதன் இரு சரிவிலும் ஊசித்துளைகள். ஒரு முனையில் ப்ளோயர் காற்றை அடைக்க, துளைகள் வழியாகக் காற்று சீறும். மேலே வைத்த சின்ன வண்டி தண்டவாளத்தைத் தொடாமல் மயிரிழை உயரத்தில் மிதந்து ஓடும். ஒரே எடையில் இரண்டு வண்டிகள், முகத்தில் சுருள்வில். ஒன்றை நடுவில் நிறுத்தி மற்றதை மோத விட்டால், மோதியது டக்கென்று நின்றுவிடும், நின்றது அதே வேகத்தில் கிளம்பும். மோதும் இடத்துக்கு முன்னால் ஒரு ஒளிக் கேட், பின்னால் ஒரு ஒளிக் கேட். வண்டியின் தலையில் நிற்கும் அட்டை ஒவ்வொரு கேட்டின் ஒளிக்கற்றையையும் எவ்வளவு நேரம் மறைக்கிறது என்று கடிகாரம் காட்டும். அதிலிருந்து வேகம், வேகத்தை எடையால் பெருக்கினால் உந்தம். முன்னும் பின்னும் உந்தம் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி.

அந்த வாரம் ஒவ்வொரு ஜோடியும் தன் அளவுகளைக் கரும்பலகையில் எழுதி வகுப்புக்கு விளக்க வேண்டும். துறைத் தலைவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். எங்களுக்கு முன்னால் வந்த ஜோடிகள் எல்லாம் எழுதியது மோதலுக்கு முன்னால் உந்தம் நூறு, பின்னால் நூறு. பிசிறே இல்லை. எங்கள் வகுப்பின் வழக்கம் அது. விடை முதலில், அளவு அப்புறம். புத்தகத்தில் என்ன வர வேண்டுமோ அதிலிருந்து தலைகீழாகக் கணக்குப் போட்டு கடிகார எண்ணை எழுதிக்கொள்வார்கள். ட்ராக்கை ஓட்டிப் பார்த்தவர்கள் பாதிப்பேர்கூட இருக்க மாட்டார்கள்.

என் ஜோடி ஒரு ஃபவுண்டரி முதலாளியின் மகன். பைக்கில் வருவான். நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். என் அப்பா ஆனைமலையில் ஊரார் தோப்புகளில் தேங்காய் போடுகிறவர். "பின்னாடியும் அதே டைம எழுதிப்போட்டா முடிஞ்சுது, எதுக்குடா வம்பு?" என்றான் என் ஜோடி. எனக்கு அப்போதே சுருக்கென்று கோபம் வந்தது. கடிகாரம் ஒன்று காட்ட, நான் ஒன்று எழுத வேண்டுமா? எத்தனை முறை விட்டாலும் பின்னால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுதான் வந்தது. அதையே பலகையில் எழுதினேன். அதற்குத்தான் அறை.

"உராய்வுங்க சார்," என்றேன். கன்னம் எரிந்தது.

"ஏர் ட்ராக்ல ஏதுடா உராய்வு? அது இருக்கக் கூடாதுன்னுதானே இத வாங்கினது! மத்தவனுக்கெல்லாம் சரியா வருது. உனக்கு மட்டும் எப்படிக் குறையும்?" அவரே பதிலும் கண்டுபிடித்துவிட்டார். "வண்டியத் தூக்கி ட்ராக் மேல போட்டிருக்க. ட்ராக்குக் கம்பி வளைஞ்சுபோச்சு. அதான் குறையுது."

"இல்லீங்க சார். நான் போடவே இல்லீங்க."

அவர் என் ஜோடியைப் பார்த்தார். "நீ சொல்லு. இவன் போட்டானா இல்லையா?"

அவன் வாத்தியாரின் கையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆமாங்க சார். போன வாரம் கை நழுவிப்போட்டானுங்க."

அடப் பாவி! அப்படியே அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். இரண்டு பொத்தான்கள் தெறித்து ஓடின. வாத்தியார் மரத்தில் செய்த மீட்டர் ஸ்கேலை எடுத்து என் முழங்கை மேல் இறக்கினார். ஒன்று, இன்னொன்று. ஸ்கேல் நடுவில் பிளந்தது. "புது ட்ராக்குக்கு உங்கப்பன் காசு கட்டட்டும். இல்லாட்டி ஹால் டிக்கெட் கிடையாது. தோப்புல மரமேறப் போ. உங்க ஆளுகளுக்கு எதுக்குடா பிசிக்ஸ்?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கொலைவெறியைக் கிளப்பும். ட்ராக்கின் விலை அப்பாவின் பல வருடக் கூலி. ஹால் டிக்கெட் இல்லையென்றால் தேர்வு இல்லை, தேர்வு இல்லையென்றால் அன்றோடு என் படிப்புக்கு முழுக்கு.

கடைசி பெஞ்சிலிருந்து துறைத் தலைவி எழுந்தார். ஒடிசலான அம்மா, குரல் மட்டும் கணீர் என்றிருக்கும். "சார், அடிக்கறத நிறுத்துங்க. தம்பி, ட்ராக் வளையலைன்னு சொல்றியே, காட்டுவியா?"

"காட்டறேனுங்க மேடம்."

  ப்ளோயரைப் போட்டேன். நடுவில் நின்ற வண்டியைத் தூக்கி மேஜையில் வைத்தேன்.

"மோதலே இல்லாம ஒத்த வண்டிய விடறேனுங்க."

வண்டியை உந்திவிட முனையில் கட்டியிருந்த ரப்பர் பேண்டை முன்பு இழுத்த குறி வரைக்கும் இழுத்து விட்டேன். வண்டி முதல் கேட்டைத் தாண்டி, யாரோடும் மோதாமல், இரண்டாவது கேட்டைத் தாண்டியது. முதல் கடிகாரத்தைவிட இரண்டாவது அதிகம் காட்டியது. கணக்குப் போட்டால் தொண்ணூற்றாறு. முட்டலும் இல்லை, மோதலும் இல்லை, ஆனாலும் நாலு குறைந்தது.

"மோதல்ல தொலையலீங்க மேடம். வழியிலேயே தொலையுதுங்க."

"ட்ராக் வளைஞ்சதால ஏத்தத்துல போகுது, அதான்!" என்றார் வாத்தியார்.

"அப்படின்னா திரும்பி வாரப்ப எறக்கமுங்க சார். கூடணும்." மறுமுனையில் ரப்பர் பேண்டை மாட்டி, எதிர்த்திசையில் விட்டேன். அப்படியும் நாலு குறைந்தது.  பிறகு இரண்டு கேட்டையும் நெருக்கி வைத்து, ட்ராக்கின் இந்தக் கோடியில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, அந்தக் கோடியில் ஒரு முறை ஓட்டினேன். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே மாதிரிதான் குறைந்தது. எங்கோ ஒரு இடத்தில் வளைந்து உரசியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் மொத்தமாகக் குறைந்திருக்கும். கடைசியாக, நின்ற வண்டியை மறுபடி நடுவில் வைத்து, மோதும் இடத்துக்கு இரு பக்கமும் ஒட்டினாற்போல் கேட்டை வைத்து மோதவிட்டேன். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமலே போனது.

"வண்டி கம்பியத் தொடறதில்லீங்க, ஆனா அடியில இருக்கற காத்து அதைப் பிடிச்சு இழுக்குது. மேல இருக்கற காத்தும் தடுக்குது. அந்த நாலு காத்துக்குப் போகுது, கம்பிக்குப் போகுது. கம்பி மேஜையில இருக்குது, மேஜை தரையில இருக்குது. பூமிக்கே போயிருதுங்க. அழியலீங்க. நாம ரெண்டு வண்டிய மட்டும் எண்ணறதால குறைஞ்ச மாதிரி தெரியுது."

துறைத் தலைவி தலையை ஆட்டினார். "ஹால் டிக்கெட் இவனுக்கு உண்டு."  அதோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. பலகையைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார், கடைசியில் வாத்தியாரைப் பார்த்தார். "இதே ட்ராக்ல மத்த எல்லாருக்கும் நூத்துக்கு நூறு எப்படி வந்துச்சு? இவங்க ரெக்கார்டுல யாரு கையெழுத்துப் போட்டது?"

 வாத்தியார் பிளந்த ஸ்கேலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வகுப்பு முழுக்க, தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் வந்து எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று அந்த அம்மா உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் வகுப்புப் பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஏண்டா, நாலு குறைஞ்சா குடியா முழுகிப்போச்சு? எங்க லீவையும் சேத்துக் கெடுத்துப்போட்டியே!"

முதல் குத்து வயிற்றில். நானும் சும்மா நிற்கிற ஜாதி இல்லை. ஒருத்தன் மூக்கை உடைத்தேன், இன்னொருத்தன் காதைக் கடித்தேன், வாயில் ரத்தம் கரித்தது. ஆனால் கூட்டத்தின் முன்னால் ஒருத்தன் என்ன செய்ய? சைக்கிள்கள் வரிசையாகச் சரிந்தன. நான் கீழே விழுந்ததும் என் வலது கை தரையில் விரிந்து கிடந்தது. என் ஜோடி வந்தான். பூட்ஸ் போட்ட காலால் அந்தக் கையின் மேல் ஏறி நின்றான், குதிகாலைத் திருகினான். விரல்கள் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. "இனி எழுதுடா ரீடிங்கு," என்றான்.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஊருக்குப் போனதும் அம்மா கட்டைப் பார்த்தாள், அழவில்லை. மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்கக் கிளம்பிவிட்டாள். அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி அரைத்துப் பூசினால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. "யாரு பேரக் கண்ணு சொல்லட்டும்?" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொருத்தனாக, வாத்தியார் வரைக்கும். "அம்புட்டுப் பேருக்கும் மொளகா எங்க போறது?" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரும் எரியட்டும் என்றுதான் இருந்தது.

அந்தப் பருவத் தேர்வை நான் எழுதவில்லை. ஹால் டிக்கெட் வந்தது, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டில் படுத்துக் கிடந்தேன். சொல்லி எழுதவைக்க ஆள் கேட்கத் துறையின் சிபாரிசு வேண்டும், அதை லேப் வாத்தியார்தான் எழுதித் தர வேண்டும். அவர் தரவில்லை. துறைத் தலைவி கேட்டதற்கு, அடிதடியில் கையை முறித்துக்கொண்டவனுக்கெல்லாம் சலுகை கிடையாது என்று வாத்தியார் கல்லூரி முதல்வர் வரைக்கும் போய்த் தடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் என் ஜூனியர்களோடு உட்கார்ந்து செய்முறைத் தேர்வு எழுதினேன். இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. எனக்கு வந்தது ஏர் ட்ராக். ஓட்டினேன், கடிகாரம் காட்டியதை எழுதினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வழுக்கைத் தலை மனிதர், என் மேஜைக்கு வந்து தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் குறையுதே, ஏன்?"

 சொல்லவேண்டியது அத்தனையும் வரிசையாகத் தயாராக இருந்தது. ஒற்றை வண்டி, எதிர்த்திசை, நெருக்கி வைத்த கேட், பூமி. "உராய்வுங்க சார்," என்று தொடங்கினேன்.

"ம், கரெக்ட்," என்றார். டிக் அடித்து, முழு மதிப்பெண் போட்டு, அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

நான் லேப்பை விட்டு வெளியே வந்தேன். கழிவறைச் சுவரில், அன்று முறிந்த அதே கையாலேயே ஓங்கிக் குத்தினேன், மறுபடி குத்தினேன், தோல் கிழிந்து சுண்ணாம்பெல்லாம் சிவப்பாகும் வரைக்கும்.