கீழே உள்ள நாலு காஜா

வெள்ளைத் துணியில் கத்தரி முனை பொத்தான் அளவுக்குக் கீறியது. கீறலின் ஓரத்தை ஊசி சுற்றிக் கட்ட வேண்டும்; அதுதான் காஜா. விரல்கள் விடவில்லை, ஊசி நினைத்த இடம் ஒன்று, இறங்கிய இடம் வேறு. நாலாவது காஜாவும் முடிந்தபோது கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது.

கைக்குச் சொந்தக்காரர் ஜான்ரோஸ், குழித்துறைச் சந்தைக்கருகே தையல்காரர். புதிதாகப் போதகராகும் ஜெப்சனுக்குக் கழுத்து முதல் கணுக்கால் வரை முப்பது பொத்தான் வைத்த அங்கி. காஜா முழுக்கக் கைவேலை, ஒரு மாதத்தில் வேண்டும். அங்கியைக் கையில் எடுத்த அன்றே பன்னிரண்டு வருடக் குடியை ஒரேயடியாக நிறுத்தியிருந்தார். இது இரண்டாம் நாள். யாரும் பார்க்காத காலடியிலிருந்து தொடங்கியது ஒன்றுதான் அவர் செய்த புத்திசாலித்தனம்.

வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு மிஷினைவிட வேகமாக ஓடியது. பக்கத்துக் கடை தாணப்பன் எட்டிப் பார்த்தார்.

"ஒரு கட்டிங் சரக்கு உள்ள விட்டா கை கல்லு மாதிரி நிக்கும் மக்கா."

அது பொய்யில்லை. அதுதான் சங்கடம்.

சாயங்காலம் அவர் துணியிலிருந்து எறும்புகளைத் தட்டிவிட்டார். எறும்பே இல்லை என்று கண்ட மனைவி நேசபாய் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அஞ்சு இருவரையும் சேர்த்துத் திட்டினாள். இத்தனை வருடம் குடி மூளையை அமுக்கியதாம், மூளை எதிர்த்து முட்டியே பழகிவிட்டதாம். அமுக்கியதைச் சட்டென்று எடுத்தால் முட்டல் மட்டும் மிஞ்சும், வலிப்பு வரும், உயிரும் போகும். கேட்டுவிட்டு அல்லவா நிறுத்த வேண்டும்? ஐந்து நாள் வார்டு; நாளுக்கு நாள் குறைத்த மாத்திரை, பி-ஒன் வைட்டமின் ஊசி. சபையார் வந்து ஜெபித்து, ஜெபத்தால் குடி நின்றது என்றார்கள். நேசபாய் மறுக்கவில்லை, மாத்திரை நேரம் வந்ததும் அவர்களை அனுப்பிவைத்தாள்.

வீட்டில் தூக்கம் துண்டுதுண்டாக வந்தது. கனவில் குடித்துவிட்டுக் குற்றவாளியாக விழித்தார். வாய் இனிப்புக் கேட்டது. ஒரு டப்பா முந்திரிக்கொத்து இரண்டு நாளில் காலி. பன்னிரண்டாம் நாள் ஒன்பதாவது காஜாவில் நூல் அறுந்ததும், டாஸ்மாக்குக்குப் போக ஷட்டரைப் பாதி இறக்கினார். குடித்தால் மிச்சம் இருபத்தொன்றும் நேராக வரும். அங்கி போன மறுநாள் கை மறுபடி ஆடும். மறுபடி நிறுத்த வேண்டும், மறுபடி எறும்பு வரும். எறும்பை நினைத்து ஷட்டரை ஏற்றினார்.

மூன்றாம் வாரம் காலைக் குமட்டல் போயிற்று. முகத்து வீக்கம் வடிந்தது.

"கலியாண ஆல்பத்துல இருந்த மூக்கு திரும்பி வந்துட்டு," என்றாள் நேசபாய்.

ரத்தப் பரிசோதனையில் ஈரல் சேதத்தைக் காட்டும் அளவு பாதியாக இறங்கியிருந்தது. ஈரல் வேலைக்கு வந்துவிட்டது, பழைய பாக்கி வேலை இன்னும் கிடக்கிறது என்றாள் டாக்டர்.

முப்பதாம் நாள் ஜெப்சன் வந்து, அங்கியின் கழுத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே கீழே போய் நின்றார்.

"இந்த நாலும் என்ன அண்ணே?"

"நான் நிறுத்தின ரெண்டாம் நாள் போட்டது, பாஸ்டர். வெட்டின துணியத் திரும்ப ஒட்ட முடியாது. கீழ இருந்து மேல பாருங்க."

ஜெப்சன் குனிந்து மேல்நோக்கிப் பார்த்து வந்தார். கழுத்துக் காஜாவுக்கு வந்ததும் கைகளை நீட்டினார். ஜான்ரோஸ் அங்கியை மடித்து அவற்றின்மேல் வைத்தார். அங்கியில் தொங்கிய ஒரு கைநுனி லேசாக ஆடியது. அது மின்விசிறிக் காற்று.