நூற்றுப் பதினைந்து வெள்ளிக் கடிதம்

கடிதத்தைப் பிரித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மாதச் சம்பளம் நூற்றுப் பதினைந்து வெள்ளி என்று அடித்திருந்தார்கள். நேர்முகத்தில் அந்தக் கப்பல் கம்பெனியின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், தன் வாயால் என்ன சொன்னார்? “மாசம் நூத்தம்பது பக்கம் வரும்மா” என்றார். அந்த நூற்றைம்பதை நான் எங்கள் தேக்கா வட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுவில், சிங்கப்பூரில், எனக்குப் பத்தொன்பது வயது. சிராங்கூன் ரோட்டில் தட்டச்சு கற்று முடித்திருந்தேன். அப்பா மரக்கடை லாரி ஓட்டுநர். அவருடைய சிநேகிதர் ஒருவர் தன் ஜவுளிக்கடைக் கல்லாவில் எனக்கு நூற்று முப்பது தருவதாகச் சொல்லியிருந்தார். தீபாவளிக்குப் புடவை வேறு.

அப்பா கடிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. “கடையில நூத்தி முப்பது. ஆபீஸ்ல நூத்திப் பதினஞ்சு. இதுல யோசிக்க என்னா இருக்கு? நாளைக்குக் காலையில கடைக்குப் போற.”

“ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேம்பா.”

“சம்பளம் குடுக்கறவன்கிட்டயே கணக்குக் கேப்பியா? நாக்கு நீளந்தான் உனக்கு!”

அம்மாதான், “அழுற புள்ளைக்குத்தான் பாலு, போய்ட்டு வரட்டும் விடுங்க,” என்றாள். சாயங்காலம் வரை கெடு கிடைத்தது. கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணவா விரல் நோக நோகத் தட்டச்சு பழகினேன் என்று பஸ்ஸில் அழுகையே வந்துவிட்டது.

ராபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்தில் பெரிய கிராணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கடிதத்தை மேசைமேல் வைத்தேன். சண்டை போடத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்ததும் ‘சார்’ என்றுதான் வந்தது, சே!

“சார், நீங்க நூத்தம்பது பக்கம்னு சொன்னீங்க. இதுல நூத்திப் பதினஞ்சுன்னு இருக்கு. மிச்சம் எங்க சார்?”

“இது அடிப்படைச் சம்பளம் மட்டுந்தான்மா. இதுக்கு மேல விலைவாசிப் படி இருபத்தஞ்சு. மூணு மாசம் கழிச்சு வேலை நிரந்தரம் ஆச்சுன்னா பத்து வெள்ளி ஏறும். கூட்டிப் பாரு, நூத்தம்பது.”

“அப்ப மொதல் மூணு மாசம் கைக்கு எவ்வளவு வரும்?”

“நூத்தி நாப்பது. அதுல சேமநிதிக்கு உன் பங்கு நூத்துக்கு அஞ்சு, அதாவது ஏழு வெள்ளி பிடிப்போம். கம்பெனி இன்னொரு ஏழு வெள்ளி உன் பேர்ல போடும். அது சம்பளத்துல பிடிக்கறது இல்ல.”

“போனஸ்?”

“வருஷக் கடைசியில ஒரு மாசச் சம்பளம் குடுக்கறது வழக்கம். அடிப்படையில மட்டுந்தான், படி சேராது. நடுவுல சேர்ந்தா வேலை பார்த்த மாசத்துக்குத்தான். கம்பெனி லாபத்தைப் பொறுத்தது, உறுதின்னு சொல்ல மாட்டேன்.” பிறகு, மறந்துபோனதைப் போல, “காய்ச்சல் வந்தா கம்பெனி டாக்டர், காசு கிடையாது. வருஷம் பதினாலு நாள் சம்பளத்தோட லீவு,” என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஒற்றை எண்ணை மட்டும் தபாலில் அனுப்பினால் எந்த அப்பா பெண்ணை அனுப்புவார்?

“இதையெல்லாம் எழுதிக் குடுங்க சார்.”

“நான் சொன்னாப் போதாதா? எல்லாரும் வேலைக்குச் சேர்ந்த அப்புறம் தெரிஞ்சிக்கறதுதான்லா.”

“உங்களை நம்பறேன் சார். வீட்டுல அப்பா நம்பணும்ல.”

அவர் கடிதத்தை மடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போச்சு, இருந்ததும் போச்சு என்று நினைத்தேன். அவரோ மூலையில் இருந்த தட்டச்சு இயந்திரத்தைக் காட்டினார். “தட்டச்சுக்காரி தானே? நீயே அடி. துரைகிட்டக் கையெழுத்து வாங்கித் தரேன்.”

அடித்தேன். போனஸ் உறுதியில்லை என்பதையும் விடாமல் அடித்தேன். ஒரு பிழை இல்லை. வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்தோடு தாள் திரும்பி வந்தபோது, “திங்கக்கிழமை வந்துடு,” என்றார் பெரிய கிராணி.

வீட்டில் அப்பாவுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பிடித்தம் போகக் கைக்கு நூற்று முப்பத்து மூன்று என்றதும் சிரித்தார். “கடையைவிட மூணு வெள்ளி கூட. பஸ்ஸுக்கே காணாது!” நான் விடவில்லை, சேமநிதி, போனஸ், டாக்டர், லீவு என்று கடைசி வரிவரை சொல்லி முடித்தேன். அப்பாவின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

“கம்பெனி பங்குன்னு சொன்னியே, அந்த ஏழு வெள்ளி. அது எல்லாருக்கும் போடணுமா?”

“சட்டம்பா.”

பல வருடங்களாக அந்த மரக்கடையில் லாரி ஓட்டுகிறவர். முதலாளி கையில் கொடுப்பதை எண்ணாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த ஆங்கில எழுத்துகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ திங்கக்கிழமை ஆபீஸுக்குப் போ,” என்றார். “அதுக்கு முன்னாடி, என் மொதலாளிகிட்ட என்னென்ன கேக்கணும்னு எனக்கு ஒரு தாள்ல எழுதிக் குடும்மா.”