கால் வலித்த மாதம்

கொடைக்கானலில் தைலமும் சாக்லேட்டும் விற்கும் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை. மார்ச் முடிந்த மறுநாள், சென்னையிலிருந்து வந்திருந்த புது மேனேஜர் விற்பனைக்கு எக்செல்லில் ஒரு பிவட் அட்டவணை கேட்டார். ஊர், பொருள், மாதம் மூன்றையும் வரிசைகளில் அடுக்கி, இரண்டு வருடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் கூட, குறைச்சல் என்று காட்ட வைத்தேன்.

பழனி, தைலம், மார்ச்: மைனஸ் எழுபது. பழனி ஏஜென்டுக்குப் போன் போட்டு மேனேஜர் கத்திய கத்தலில் என் டீ ஆறிவிட்டது.

போன வருடம் பங்குனி உத்திரம் மார்ச்சில் வந்தது, இந்த வருடம் ஏப்ரலில். பாதயாத்திரைக்காரர்களுக்குக் கால் வலித்தால்தானே தைலம் விற்கும்?

“ரெண்டு மாசத்தையும் சேத்துப் பாக்கணுங்க சார்” என்றேன்.

“சாக்கு சொல்லாதீங்க.”

ஏப்ரல் கணக்கு ஏறியதும் பிவட்டை ரெஃப்ரெஷ் செய்தேன். பழனித் தைலம் போன ஏப்ரலைப்போல் மூன்று மடங்கு. இரண்டு மாதங்களையும் ஒரே குழுவாக்கி, வித்தியாசம் பூஜ்யம் என்றும் காட்டினேன். அவர் கண் ஏப்ரலைவிட்டு நகரவில்லை.

“பாத்தீங்களா, நான் திட்டுனது வேலை செஞ்சிருச்சு!”

ஸ்பீக்கரில் ஏஜென்ட் குழைந்தார்: “எல்லாம் நீங்க போட்ட சத்தந்தாங்க சார்.”

அவருக்குக் கமிஷன் கூடியது. முருகனுக்கு ஒரு பைசா கிடையாது.