தொட்டி வாயில் கிடந்த செருப்பு

எழுபதுகளில் ஒரு கோடை. எங்கள் சலவைப்பட்டறைக் கிணறு வற்றியதால், லாரித் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு ஓடியது. பனியன் துணியைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துவிட்டால் நேரத்துக்கு அலசியாக வேண்டும். இல்லையென்றால் நூல் இற்றுப்போகும்.

காலையில் லாரிக்காரர் போன் செய்தார். எடுத்தது நான். "மூணுல இருந்து நாலுக்குள்ள வண்டி வருமுங்க. ஆரு வாங்குவாங்க?" என்றார்.

"எங்க மேஸ்திரிங்க," என்றேன்.

எங்கள் பட்டறையில் எப்போதும் அப்படித்தான். தரைக்கடியில் இருந்த தொட்டியில் இறங்கிச் சேற்றை வழித்துத் தேய்ப்பவர் யாரோ, தண்ணீரை வாங்குபவரும் அவரே. அவர் மேலே நின்றால் உள்ளே ஆளில்லை என்று அர்த்தம். மேஸ்திரியிடம் நேரத்தைச் சொன்னேன். அவரும் சாப்பிட்டுவிட்டு நிதானமாக இறங்கியிருக்கிறார்.

லாரி இரண்டு மணிக்கே வந்து நின்றது. ஊறிய துணியை நினைத்துத் தவித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாசலுக்கு ஓடினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இவருக்காகவே சொன்னதோ என்னவோ.

"மேஸ்திரி வாங்குவாருன்னு சொன்னாங்களேங்க," என்றார் டிரைவர்.

"மொதலாளி நானே நிக்கறேன், அப்புறம் என்ன? எறக்குங்க."

டிரைவருக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். தொட்டியின் வாய் ஓர் ஆள் நுழையும் அளவுதான். அதற்குள் தடித்த குழாய் விழுந்து இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மேஸ்திரியின் செருப்பு. சுவரில் அவருடைய சட்டை.

காபி டம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியாது. "உள்ள மேஸ்திரி இருக்காருங்க," என்று கத்தினேனாம். மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

டிரைவர் பாய்ந்து வால்வை மூடினார். குழாயை இழுத்துப் போட்டதும் உள்ளேயிருந்து இருமல் கேட்டது. வழுக்கி விழுந்தவரால் எழ முடியவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. டிரைவரே ஏணியில் இறங்கித் தோளில் தாங்கி ஏற்ற, நாங்கள் கையைப் பிடித்துத் தூக்கினோம். நெற்றியில் ரத்தம், உடம்பெல்லாம் சேறு.

மேஸ்திரி வெகுநேரம் வாந்தி எடுத்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மூணு மணிக்கு மேலன்னு சொன்னாங்களேங்க. நாந்தானுங்களே வாங்கறதா இருந்துச்சு," என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, மரியாதை கூடக் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்து நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் ஊறிய துணிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு டிரைவரிடம், "அதான் மேல வந்துட்டாரே. மிச்சத்த எறக்கீருங்க," என்றார்.

டிரைவர் குழாயைத் தொடவில்லை. இந்த மனிதரோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன் என்று திகைத்துப் போனேன். போய்த் தொட்டியின் வாயை மூடியால் மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.