பிரிட்ஜுக்குப் பின்னால் நாலு லட்டு

கார்வேட்டிநகரத்தில் புருஷன் செத்த பதினாறாம் நாள், கொழுந்தன்மார் வந்து அந்த வீட்டுக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். ரத்தினம்மாவைப் புத்தூருக்கு அழைத்துவந்தது தம்பி கோவர்த்தனன்தான். அதிலிருந்து ஒரு வருஷமாகத் தம்பி வீட்டுச் சமையல் அவள் கையில். விடியுமுன் எழுந்து அடுப்பு மேடையைக் கழுவுவாள். எல்லாரும் தின்று முடித்தபின் மிச்சம் இருப்பதைத் தின்பாள். இங்கே இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கரப்பான் பூச்சி வந்ததும் அது போதாமல் போயிற்று.

முதலில் பாத்திரக் கூடையில் ஒன்று. ஒரு மாதத்தில் சுவிட்சைப் போட்டால் பத்து ஓடின. எல்லாம் ஓடி ஒளிந்தது பிரிட்ஜுக்கு அடியில். கூடவே சிற்றெறும்புச் சாரை ஒன்று சுவரோரமாக அங்கேயே போனது.

"இருபத்தஞ்சி வருஷமா இந்த வூட்ல நான் ஒரு கரப்பான் பாத்ததில்ல," என்றாள் தம்பி மனைவி ஸ்வர்ணலதா, சோறு போட்டுக்கொண்டே. "நீங்க வந்தீங்க, அதுவும் வந்துச்சி. பொட்டில வெச்சிக் கூட்டிக்கினு வந்துட்டீங்களா அண்ணி?"

மகள் காவ்யா சிரித்தாள். கோவர்த்தனனும் சிரித்தான். ரத்தினம்மாவும் சிரித்துவைத்தாள்.

புதன்கிழமை ஸ்வர்ணலதா சிரிக்காமல் பேசினாள். அடுத்த அறையில் புருஷனிடம்தான் பேசினாள். குரல் மட்டும் சமையலறைக்கு எட்டும்படி இருந்தது. "ஞாயித்துக்கிழமை காவ்யாவைப் பாக்க வராங்க. பலகாரத் தட்டுல பூச்சி ஏறினா யார் மானம் போவும்? திருப்பதி பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்குதுன்னு சொன்னேனே. ஒண்ணு பூச்சி போவணும், இல்ல அவங்க போவணும்."

தம்பி என்ன பதில் சொல்வான் என்று ரத்தினம்மா கையில் கரண்டியோடு நின்றாள். அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அன்று சாயங்காலமே ஸ்வர்ணலதா ஒரு ஸ்ப்ரே டப்பாவை வாங்கிவந்தாள். பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க, பின்பக்க மூடியின் ஓட்டைகள் வழியாகப் பாதி டப்பாவை அடித்தாள். "பாருங்க, உங்களால ஒரு வருஷத்துல செய்ய முடியாதது." மறுநாள் காலையில் பிரிட்ஜ் 'டிக்' என்றது, நின்றது. மறுபடி 'டிக்'. பால் திரிந்துவிட்டது.

பத்து மணிக்கு மெக்கானிக் சுரேஷ்பாபு வந்தான். புத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருப்பவன். வந்தவுடன் மூக்கை உறிஞ்சினான்.

"ஸ்ப்ரே யாரு மேடம் கொட்னது?"

"பூச்சிக்கு அடிச்சம்."

"இதுல இருக்கிற கேஸும் பத்திக்கும், அந்த ஸ்ப்ரேயும் பத்திக்கும். உள்ள மோட்டாரை ஸ்டார்ட் பண்ற ரிலே பொறி உட்டா வூடே பத்திக்கும் மேடம். தேவுடு இருக்காரு உங்களுக்கு." ஜன்னலையும் கொல்லைக் கதவையும் திறக்கச் சொன்னான். ஸ்ப்ரே வாடை அடங்கும்வரை எந்த சுவிட்சையும் தொட விடவில்லை. அதன் பிறகே மெயினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினான். பத்து நிமிஷம் வாசலில் உட்கார்ந்திருந்தான். "உடனே கை வெக்கக்கூடாது. கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும்."

பிறகு பிரிட்ஜை முன்னால் இழுத்து மூடியின் திருகுகளைக் கழற்றினான். ரத்தினம்மாதான் டார்ச் பிடித்தாள்.

உள்ளே, கம்ப்ரஸரின் சூட்டில், கரப்பான் முட்டைக் கூடுகள் புளியங்கொட்டை போல ஒட்டியிருந்தன. மேலே இருந்த தண்ணீர்த் தட்டில் கொழகொழவென்று பாசி. ரிலே டப்பாவைத் திறந்தால் நசுங்கிய எறும்புகள் கருப்பாய்ப் படிந்திருந்தன. "இதான் டிக் டிக். எறும்பு நடுவுல சிக்கி காண்டாக்ட் சேரல."

அப்புறம் டார்ச்சைக் கொஞ்சம் மேலே காட்டச் சொன்னான். மூடிக்கு வெளியே, கம்ப்ரஸர் அறைக்கு மேல் இருந்த விளிம்பில் நான்கு பிளாஸ்டிக் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு திருமலை லட்டு. ஒன்று மாவாய்ப் போயிருந்தது. கற்கண்டு மட்டும் மின்னியது. எறும்புச் சாரை அங்கிருந்துதான் இறங்கியது.

"சூடு, தண்ணி, ஸ்வீட்டு. மூணும் ஒரே எடத்துல! கல்யாணச் சத்திரமே கட்டிக் குடுத்துட்டீங்க," என்று சுரேஷ்பாபு வாய்விட்டுச் சிரித்தான். "யார் வெச்சது?"

கூடத்திலிருந்து கோவர்த்தனன் எட்டிப் பார்த்தான். அவன் மாதாமாதம் திருமலைக்குப் போகிறவன். மீந்த லட்டு கெட்டுப்போனால் ஸ்வர்ணலதா குப்பையில் போடமாட்டாள், பிரசாதம். ஆற்றில் கரைக்கலாமென்று கால் படாத இடமாகப் பார்த்து வைப்பாள். அந்த இடம் இதுவென்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் முகம் காதுவரை சிவந்தது. கதவருகே காவ்யா செல்போனோடு நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுரேஷ்பாபு காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் கூடுகளைத் தட்டி, ஒயர் மேல் படாமல் வாக்குவம் குழாயால் உறிஞ்சினான். தண்ணீரோ பினாயிலோ ஒரு சொட்டும் உள்ளே விடவில்லை. தட்டை மட்டும் கழற்றி ரத்தினம்மாவிடம் கொடுத்தான். அவள் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வந்தாள். அவன் புது ரிலே போட்டான். தோல் கடிபட்ட ஒயருக்கு உறை மாட்டினான். ஜெல் மருந்தை மிளகளவு தரை மூலையிலும் சுவரோரத்திலும் வைத்தான். "மோட்டார் மேல, ஒயர் மேல வெக்காதீங்க பெரிம்மா. கிட்டக்க ஸ்ப்ரேயும் அடிக்காதீங்க, அடிச்சா பூச்சி இத்த துன்னாது. சொவத்துக்கும் பிரிட்ஜுக்கும் நாலு விரக்கடை எடம் உடுங்க."

பிளக்கை மாட்டினான். பிரிட்ஜ் மெதுவாக முனகி ஓடத் தொடங்கியது. ரத்தினம்மாவுக்கு ஒரு வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. பூச்சி அவளோடு வரவில்லை. நாலு பேர் பார்க்க அது தெரிந்துவிட்டது.

மத்தியானம் கொல்லைக் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது கோவர்த்தனன் பக்கத்தில் வந்து குந்தினான். தம்பி அப்படி உட்கார்ந்து எத்தனையோ நாள் ஆகிறது.

"அக்கா, லதா ரூம்ல அழுதுக்கினு கீறா. பொண்ணு எதிர்ல, மெக்கானிக் எதிர்ல அசிங்கமாப் போச்சாம். அந்த லட்டு நீ வெச்சேன்னு சொல்லிடேன்."

"நான் எங்கடா வெச்சேன்?"

"வெக்கலதான். எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை. வூடு அமைதியாப் பூடும். ஞாயித்துக்கிழமை நல்லபடியா நடக்கணும் இல்ல?"

சாம்பல் கையோடு அவள் அவனைப் பார்த்தாள். எனக்காகச் சொல்லு அக்கா என்று அவன் ஒரு வார்த்தை கூட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இருந்தும் அவன் கேட்டது அவளிடம்தானே. கேட்குமளவுக்கு அவள் இந்த வீட்டில் ஒருத்தி என்று தோன்றியது. கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

"லதா, அந்தப் பிரசாதம் நான்தான் வெச்சேன். குப்பைல போடக்கூடாதேன்னு. மறந்துட்டேன்."

ஸ்வர்ணலதா கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் ரத்தினம்மாவையே பார்த்தாள். முகத்தில் வெளிச்சம் மெல்ல வந்தது.

"கேட்டியா காவ்யா? உங்க அத்தை வாயாலயே சொல்றாங்க. பெருமாள் பிரசாதத்தைப் பூச்சிக்கு எறைச்சிருக்காங்க. வூடு எரிஞ்சி பூட்டிருந்தா?" பிறகு போனை எடுத்து அக்காவிடம், தங்கையிடம், எதிர்வீட்டுத் தனபாக்கியத்திடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. கடைசிப் போனில் ஸ்ப்ரே அடித்தவளும் ரத்தினம்மாதான் என்று ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை ஆட்டோ வந்து நின்றது. திருப்பதி இல்லத்துக்குத் தம்பியே கூடவந்து விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. ரத்தினம்மா வாசற்படியில் அவன் கையைப் பிடித்தாள்.

"நீ சொல்லச் சொல்லித்தானேடா சொன்னேன்?"

கோவர்த்தனன் கையை விடுவித்துக்கொண்டான். "சும்மா அதையே பேசாத அக்கா. நீ வெச்சதாலதான இவ்ளோ ரகளை? தெரியாமதான் வெச்ச, நான் இல்லன்னு சொல்லல. வயசாச்சி இல்ல, மறந்துடுது."

ரத்தினம்மா அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அவன் நடிக்கவில்லை. இரண்டே நாளில் அதை நம்பத் தொடங்கியிருந்தான்.

"ஏறு அக்கா, வெயில் வந்துரும்," என்றான், அன்பாகவே.

அவள் ஏறினாள்.